வீட்டுக் கணக்கு ஃபைல் போடுறது எப்படி: ஞாபகத்தை நம்பாதீங்க, பாஸ்புக்கை வரி வரியா படிங்க

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி வராந்தாவுல ராத்திரி நின்னுக்கிட்டு, "அப்பாவுக்கு இன்சூரன்ஸ் ஏதும் இருக்கா, எந்த பேங்க்ல, பத்திரம் எங்க இருக்கு"ன்னு அண்ணன் சென்னைக்கும் தம்பி துபாய்க்கும் போன் அடிச்சு கேட்டுக்கிட்டு இருக்குற குடும்பங்களை நம்ம ஊர்ல நிறைய பாக்கலாம். எல்லாம் அந்த ஒருத்தர் தலைக்குள்ள மட்டும் இருந்திருக்கும். அதை வெளிய எடுத்து ஒரு ஃபைல்ல வைக்கிறது எப்படின்னு தான் இதுல சொல்லுதேன்.

நிறைய பேர் என்ன செய்யுதாங்கன்னா, ஒரு நோட்டை எடுத்துக்கிட்டு உக்காந்து "என்னென்ன இருக்கு சொல்லுங்க"ன்னு பெரியவங்களைக் கேப்பாங்க. அவங்களும் எல்ஐசி, வீட்டுப் பத்திரம், பேங்க் கணக்குன்னு பெருசா உள்ள நாலு விஷயத்தைச் சொல்லுவாங்க, அதோட முடிஞ்சிரும். ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை சத்தமில்லாம பணம் பிடிக்கிற சின்ன சின்ன பாலிசி, லோனோட ஒட்டி வந்த இன்சூரன்ஸ் இதெல்லாம் அவங்களுக்கே ஞாபகம் இருக்காது. அதனால ஞாபகத்துல இருந்து ஆரம்பிக்கக் கூடாது, பாஸ்புக்ல இருந்து தான் ஆரம்பிக்கணும்.

முதல்ல வாங்க வேண்டியது

ஸ்டேஷனரி கடையில பிளாஸ்டிக் உறை வச்ச ஃபைல் ஒண்ணு, கோடு போட்ட நோட்டு ஒண்ணு, ஃபைல் முழுசா உள்ள போற மாதிரி ஜிப் வச்ச தடிமனான பிளாஸ்டிக் கவர் ஒண்ணு. அந்தக் கவரை மட்டும் விட்டுறாதீங்க. 2023 டிசம்பர்ல தாமிரபரணி பொங்கி வந்தப்ப கீழ் அலமாரியில இருந்த பத்திரம், பாஸ்புக் எல்லாம் ஊறிப்போன வீடுகள் நம்ம மாவட்டத்துல எத்தனையோ, அதனால ஃபைலை தரையை ஒட்டி வைக்காம பரண்லயோ பீரோ மேல் தட்டுலயோ வைங்க. இந்த ஃபைல்ல ஒரிஜினல் எதுவும் வேண்டாம். ஜெராக்ஸும், ஒரிஜினல் எங்க இருக்குங்கிற குறிப்பும் போதும்.

ஒரு வருஷ என்ட்ரி போடுங்க, பணம் போன பக்கத்தைப் படிங்க

பேங்குக்குப் போய் பாஸ்புக்ல ஒரு முழு வருஷத்துக்கு என்ட்ரி போட்டு வாங்கிக்கோங்க, இல்லன்னா ஸ்டேட்மென்ட் கேளுங்க. மூணு மாசத்துக்கு பார்த்தா பத்தாது, ஏன்னா வருஷ பிரீமியம் வருஷத்துல ஒரே ஒரு வரியா தான் இருக்கும். வரவு பக்கத்தை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல பற்று பக்கத்துல ஒவ்வொரு வரியா "இது எதுக்குப் போச்சு"ன்னு கேட்டு பென்சில்ல எழுதிக்கிட்டே வாங்க.

ஒரு வீட்டை எடுத்துக்குவோம். வீரவநல்லூர் பக்கம் ஒரு சித்தப்பா, வயசு 47, வயலும் இருக்கு, கொஞ்சம் பனையும் இருக்கு, சித்தி பீடி சுத்துதாங்க, மகன் வெளியூர்ல வேலை பாக்கான். அவன் லீவுக்கு வந்தப்ப பாஸ்புக்கை வச்சு உக்காந்து பாக்குறான்னு வைங்க. மே மாசக் கடைசியில 436 ரூபா போயிருக்கு, பக்கத்துல PMJJBY னு அச்சடிச்சிருக்கு. அதே சமயத்துல 20 ரூபா, பக்கத்துல PMSBY னு இருக்கு. சித்தப்பாகிட்ட கேட்டா "பேங்க்ல ஏதோ கையெழுத்து கேட்டாங்க, போட்டேன்"னு சொல்லுவாரு, அவ்வளவு தான். ஆனா அந்த 436 ரூபா எந்தக் காரணத்தால இறந்தாலும் 2 லட்சம் குடுக்குற ஆயுள் இன்சூரன்ஸ், அந்த 20 ரூபா விபத்துல இறந்தா 2 லட்சம் குடுக்குற இன்சூரன்ஸ். ரெண்டுக்கும் பாலிசி பத்திரம்னு பீரோவுல ஒண்ணும் இருக்காது, பாஸ்புக்ல இருக்குற அந்த வரி தான் சாட்சி. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து ஃபைல்ல முதல் உறையில போடுங்க.

இந்த 20 ரூபா பாலிசியில வீட்டுக்காரங்க கட்டாயம் தெரிஞ்சிருக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. ரோட்டு விபத்து, ஆத்துல மூழ்குறது மாதிரின்னா போலீஸ்ல பதிஞ்சிருக்கணும். பாம்பு கடிச்சோ மரத்துல இருந்து விழுந்தோ இறந்தா, உடனே கொண்டுபோன ஆஸ்பத்திரி ரெக்கார்டு காரணத்தைச் சொல்லணும். பனையில இருந்து விழுந்தவரை அப்படியே வீட்டுக்குத் தூக்கிட்டு வந்து காரியம் முடிச்சுட்டா, அப்புறம் ஆறு மாசம் கழிச்சு பாஸ்புக்ல அந்த வரியைப் பார்த்து பேங்குக்குப் போனாலும் கையில காட்ட ஒரு காகிதம் இருக்காது. அதனால நோட்டுல அந்த பாலிசிக்குக் கீழயே "ஆஸ்பத்திரி சீட்டு, போலீஸ் ரிப்போர்ட், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் பத்திரமா வைக்கவும்"னு ஒரு வரி எழுதி வைங்க.

ரெண்டு பேங்க்ல கணக்கு இருந்து ரெண்டுலயும் 436 போயிருந்தா நாலு லட்சம் கிடைக்கும்னு நினைக்காதீங்க, ஒருத்தருக்கு ஒரு கிளைம் தான், ஒண்ணை நிறுத்தச் சொல்லி எழுதிக் குடுத்துருங்க. அதே மாதிரி மே கடைசியில கணக்குல பணம் இல்லாம பிரீமியம் போகலன்னா பாலிசியும் இல்ல, அதையும் பாருங்க.

அடுத்து ACH னு ஆரம்பிக்கிற வரிகள். இது நீங்க எப்பவோ கையெழுத்துப் போட்டுக் குடுத்த தானா-பிடிக்கிற வரி, பைக் லோனா இருக்கும், எல்ஐசியா இருக்கும், ஆஸ்பத்திரி இன்சூரன்ஸா இருக்கும். எதுன்னு புரியலன்னா அந்த வரியில உள்ள தேதியையும் தொகையையும் பேங்க்ல காட்டிக் கேளுங்க, எந்த கம்பெனிக்குப் போகுதுன்னு அவங்க பார்த்து சொல்லிருவாங்க.

லோனுக்குள்ள ஒளிஞ்சிருக்குற இன்சூரன்ஸ்

இது பாஸ்புக்ல வராது, அதனால தனியா சொல்லுதேன். வீட்டு லோன் வாங்கும்போது பல இடத்துல லோனுக்கே ஒரு இன்சூரன்ஸ் சேர்த்து, அதோட பிரீமியத்தை ஒரே தடவையா லோன்லயே பிடிச்சிருவாங்க. சித்தப்பாவுக்கு 8 லட்சம் லோன்னு வைங்க, கைக்கு வந்தது 7,75,000 தான்னா அந்த 25,000 எங்க போச்சுன்னு லோன் கணக்கு ஸ்டேட்மென்ட்ல முதல் பக்கத்தைப் பாக்கணும். இன்சூரன்ஸ்னு இருந்தா அந்த பாலிசி காப்பியை கேட்டு வாங்கி ஃபைல்ல வைங்க. லோன் வாங்கினவர் இறந்துட்டா பாக்கிக் கடனை அந்த பாலிசி எவ்வளவு அடைக்கும், எத்தனை வருஷத்துக்குன்னு அதுல இருக்கும். இது தெரியாம சித்தி பீடிக் கூலியில இருந்து மாசாமாசம் தவணை கட்டிக்கிட்டு இருக்கக் கூடாது, முதல்ல பேங்குக்கு எழுதிக் குடுத்து கிளைம் போடணும். வீட்டு லோன் இருக்கும்போது ஒரிஜினல் பத்திரம் பேங்க்ல தான் இருக்கும், அதையும் எழுதிருங்க, இல்லன்னா பத்திரம் தொலைஞ்சு போச்சுன்னு வீடு பூரா தேடுவாங்க.

பேங்குக்கு வெளிய உள்ளது

இதுக்கு தான் வாயைத் திறந்து கேக்கணும். சொசைட்டியில நகை இருக்கா, ரசீது எங்க, எந்தத் தேதிக்குள்ள திருப்பணும். தேதி தவறுனா நகை ஏலத்துக்குப் போகும், நோட்டீஸ் வந்தாலும் அவர் பேருக்கு தான் வரும், அவர் ஐசியுவுல இருக்கும்போது யாரு பிரிச்சுப் பாப்பா? போஸ்ட் ஆபீஸ்ல ஆர்டி இருக்கா, சீட்டு எங்க போட்டிருக்கு. யாருக்காவது கைமாத்து குடுத்து புரோநோட்டு எழுதி வாங்கியிருந்தா அதோட தேதியை பெருசா எழுதுங்க, ஏன்னா பொதுவா மூணு வருஷத்துக்குள்ள கேஸ் போடலன்னா அதை வச்சு கோர்ட்ல கேக்க முடியாது.

சித்தி கணக்கையும் கேக்கணும், ஆம்பளைங்க கணக்கை மட்டும் எழுதி முடிச்சுருதாங்க. பீடிக் கம்பெனியில பிஎஃப் பிடிச்சா அதுக்கு நம்பர் இருக்கும். வேலையில இருக்கும்போது பிஎஃப் உறுப்பினர் இறந்தா சேர்ந்த பணம் மட்டும் இல்ல, கூடவே ஒரு இன்சூரன்ஸ் தொகையும் நாமினிக்கு உண்டு, அது சம்பளத்தைப் பொறுத்தது, அதிகபட்சம் 7 லட்சம்.

நோட்டுல எப்படி எழுதணும்

ஒரு விஷயத்துக்கு ஒரு பக்கம். எல்ஐசி பக்கம் இப்படி இருந்தா போதும்:

எல்ஐசி பாலிசி, சித்தப்பா பேர்ல. எந்த கிளை. பாலிசி நம்பர். பிரீமியம் ஆறு மாசத்துக்கு ஒருக்க, ஜூன் 10, டிசம்பர் 10. கெடு 30 நாள். நாமினி சித்தி. பத்திரம் மாடி பீரோ, ரெண்டாவது தட்டு, பச்சை கவர். ஏஜென்ட் பேரு, போன்.

அந்த "கெடு 30 நாள்" ஏன்னா, பிரீமியம் தேதி தாண்டினாலும் அந்தக் கெடுவுக்குள்ள பாலிசி உயிரோட தான் இருக்கும், மாசா மாசம் கட்டுற பாலிசிக்கு 15 நாள். ஆஸ்பத்திரி அலைச்சல்ல தேதி மறந்துருச்சுன்னா இந்த ஒரு வரியைப் பார்த்து மகன் கட்டிருவான்.

ஏடிஎம் பின், யுபிஐ பின் எதையும் இதுல எழுதாதீங்க. பின் தெரியும்னு இறந்தவர் கார்டை வச்சு பணம் எடுக்கவும் கூடாது, மத்த வாரிசு யாராவது கேட்டா பெரிய சிக்கல் ஆயிரும். நாமினி இருந்தா இறப்புச் சான்றிதழும் நாமினியோட அடையாளச் சான்றும் சேர்த்து மனு குடுத்தா, எல்லாக் காகிதமும் சரியா இருக்குற பட்சத்துல 15 நாளுக்குள்ள பேங்க் முடிச்சுக் குடுக்கணும்னு ரிசர்வ் பேங்க் விதி இருக்கு. ஆனா அவரோட சிம்மை மட்டும் ரீசார்ஜ் பண்ணி உயிரோட வைங்க, எந்தெந்த கம்பெனியில என்ன இருந்துச்சுன்னு அதுக்கு வர்ற மெசேஜே காட்டிக் குடுக்கும்.

எழுதும்போதே நாமினி பேரைச் சரி பாருங்க. கல்யாணத்துக்கு முன்னால திறந்த கணக்குல அம்மா பேர் இருக்கும், அந்த அம்மா காலமாகி பத்து வருஷம் ஆயிருக்கும். பாஸ்புக் முதல் பக்கத்துல நாமினி பதிவாயிருக்குன்னு மட்டும் போட்டிருந்தா, யாரு பேருன்னு கவுன்டர்ல கேளுங்க. 2025 நவம்பர் 1-ல இருந்து ஒரு பேங்க் கணக்குக்கு நாலு பேர் வரைக்கும் நாமினி போடலாம், அதனால சித்தி, மகன் ரெண்டு பேரையும் போட்டுக்கலாம்.

யாருக்குத் தெரியணும்

ஃபைல் எங்க இருக்குன்னு வீட்டுல இருக்குறவங்க ஒருத்தருக்கும் வெளியூர்ல இருக்குறவங்க ஒருத்தருக்கும் தெரியணும். மகன் வெளியூர்லன்னா, உள்ளூர்ல நம்பிக்கையான பெரியப்பாவோ மதினியோ ஒருத்தர்கிட்ட இடத்தை மட்டும் சொல்லி வைங்க. வருஷா வருஷம் ஜூன் முதல் வாரம் பாஸ்புக்ல என்ட்ரி போட்டு ஃபைலைத் திறங்க, அப்ப தான் அந்த 436-ம் 20-ம் மே கடைசியில போச்சா இல்லையான்னு கண்ணுல படும், போகலன்னா அன்னைக்கே பேங்குக்குப் போய் கேட்டுறலாம்.