கோவொர்க்கிங் மேசையை விடும்போது பணம் போகும் இடங்கள்

பலரும் பகிர்ந்து வேலை செய்யும் கோவொர்க்கிங் அலுவலகத்தில் வாடகைக்கு எடுத்த மேசையைக் காலி செய்கிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது நாள் கணக்கில்தான். 'ஒரு மாத நோட்டீஸ்' என்றதும், இன்று சொன்னால் 30 நாளில் விடுபடலாம் என்று நினைத்துக்கொள்கிறோம். பல ஒப்பந்தங்கள் கேட்பதோ ஒரு முழு காலண்டர் மாதம். மார்ச் 2ஆம் தேதி நோட்டீஸ் கொடுத்தால் மார்ச் கணக்கில் வராது. ஏப்ரல்தான் நோட்டீஸ் மாதம், ஏப்ரல் 30 வரை கட்டணம் உண்டு. அதையே பிப்ரவரி 28 அன்று கொடுத்திருந்தால் மார்ச் 31 அன்று கணக்கு முடிந்திருக்கும். இரண்டு நாள் தாமதத்துக்கு ஒரு மாதக் கட்டணம்! அதனால் முதலில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். குறைந்தபட்சம் இத்தனை மாதம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், அது முடியும் தேதியையும் பாருங்கள்.

வரவேற்பு மேசையில் இருப்பவரிடம் வாயால் சொல்லிவிட்டு வருவது அடுத்த தவறு. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பில் போடும் பிரிவுக்கு அது நோட்டீஸ் ஆகாது. ஒப்பந்தம் சொல்லும் மின்னஞ்சலுக்கோ செயலி வழியாகவோ அனுப்பி, 'உங்கள் கடைசி நாள் இது' என்று தேதியோடு பதில் வரும்வரை விடாமல் கேளுங்கள்.

டெபாசிட் அவர்களிடம் இருக்கிறதே என்று கடைசி மாதக் கட்டணத்தை நிறுத்துகிறவர்கள் உண்டு. டெபாசிட்டை வாடகையில் கழிக்கக்கூடாது என்ற விதி ஒப்பந்தத்தில் இருந்தால், அது பாக்கியாகி, அபராதம் சேர்ந்து, அந்த டெபாசிட்டிலிருந்தே பிடிக்கப்படும். கடைசி பில்லைக் கட்டி, பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். தானியங்கிப் பணப்பிடிப்பை அதன் பிறகு நிறுத்தினால் போதும். டெபாசிட் எந்தத் தேதிக்குள், எந்த வங்கிக் கணக்குக்கு வரும் என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். பிடித்தம் செய்தால் எதற்கு எவ்வளவு என்ற விவரம் கேட்கத் தயங்க வேண்டாம். முதல் நாளே மேசையையும் நாற்காலியையும் படம் எடுத்து வைத்திருந்தால் கீறலுக்கு யார் பொறுப்பு என்ற வாக்குவாதமே எழாது.

நுழைவு அட்டை சிறிய பொருள்தான், ஆனால் டெபாசிட் தாமதமாவதற்கு அதுவே காரணமாகலாம். நான்கு பேர் கொண்ட ஒரு குழுவை எண்ணிப் பாருங்கள். நடுவில் ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது அட்டையைப் பையிலேயே கொண்டுபோய்விட்டார். கடைசி நாளில் கையில் இருப்பவை மூன்று. நான்காவதை முடக்கிவிட்டார்களே என்று சொல்லிப் பயனில்லை. முடக்குவது கதவைப் பாதுகாக்க, திருப்பிக் கொடுப்பது கணக்கை முடிக்க. அட்டைக்கான கட்டணம் உங்கள் தலையில் விழும். அதனால் நோட்டீஸ் கொடுத்த வாரமே எந்த எண் அட்டை யாரிடம் இருக்கிறது என்று பட்டியல் கேளுங்கள். திருப்பும்போது மேசைமேல் வைத்துவிட்டு வராமல், அட்டை எண்களும் தேதியும் எழுதிய ரசீதில் கையெழுத்து வாங்குங்கள். லாக்கர் சாவியையும் அதிலேயே சேர்க்கலாம். ஆனால் அட்டையைக் கொடுப்பதற்கு முன் லாக்கரைக் காலி செய்துவிடுங்கள். கொடுத்த பிறகு உள்ளே போக யாரையாவது கெஞ்ச வேண்டியிருக்கும்.