இயல்களின் துணைநூற்பட்டியலை ஒன்றாக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஆய்வேட்டை முடிக்கும் நிலையில் இருப்பவர்கள் சிலருடைய கோப்புகளை அண்மையில் பார்த்தேன். நான் அன்று செய்த அதே தவறுகள். ஒரு இயலில் மேற்கோள்கள் வான்கூவர் முறையில், இன்னொன்றில் ஏபிஏ, மற்றொன்றில் ஐஇஇஇ. இறுதியில் எல்லாம் ஒரே ஏபிஏ பட்டியலாக வேண்டும். எழுத்துப்பிழை, காற்புள்ளி எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள், அதை விடுகிறேன்.

அச்சான பட்டியலிலிருந்து தொடங்குவது

வான்கூவர் பட்டியலில் பொதுவாக ஆறு பேருக்கு மேல் இருந்தால் "மற்றும் பிறர்" என்று முடிந்துவிடும், ஐஇஇஇ-யில் அப்போது முதல் ஆசிரியர் மட்டும்தான் நிற்பார். ஏபிஏ 7-ஆம் பதிப்போ 20 பேர் வரை எல்லாரையும் கேட்கிறது. விடுபட்ட பெயர்களை எந்த மென்பொருளும் அந்த வரியிலிருந்து மீட்டுத் தராது. டிஓஐ எண்ணைக் கொண்டு பதிவை மறுபடி இறக்குங்கள்.

இரட்டைப் பதிவை அழிப்பது

இதுதான் இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது. மேற்கோள்களைச் சேமிக்க நான் பயன்படுத்தும் ஸோட்டேரோ மென்பொருளில் ஒரே கட்டுரை இரண்டு முறை இருந்தது: இரண்டாம் இயலுக்காக ஒன்று, நான்காம் இயலுக்காக ஒன்று. ஒன்றைக் குப்பைக்கு அனுப்பிவிட்டு, மீதியில் தலைப்பைத் திருத்தினேன். இயல்களை ஒரே வேர்ட் கோப்பில் சேர்த்துப் பட்டியலை உருவாக்கியபோது அதே கட்டுரை 2016a, 2016b என்று இரண்டாக வந்து நின்றது. நான் அழித்த பதிவின் தகவல் மேற்கோளுக்குள்ளேயே பொதிந்திருப்பதால் அது பட்டியலில் தொடர்ந்து வந்துகொண்டேயிருக்கும், ஆனால் ஸோட்டேரோ நூலகத்தில் என்ன திருத்தினாலும் அதற்கு எட்டாது. அப்புறம் ஒவ்வொரு மேற்கோளாகத் தேடி மாற்ற இரண்டு நாள் போனது.

செய்ய வேண்டியது அழிப்பதல்ல, இணைப்பது. Duplicate Items பகுதியில் இரண்டையும் தேர்ந்து, முழுத் தகவல் உள்ளதை முதன்மையாக வைத்து Merge 2 Items கொடுங்கள். பழைய மேற்கோள்கள் தாமாகவே புதிய பதிவைப் பிடித்துக்கொள்ளும். ஒன்று மாநாட்டுக் கட்டுரை, மற்றது இதழ்க் கட்டுரை என்று வகை வேறாக இருந்தால் இணையாது. உண்மையிலேயே அவை ஒரே படைப்புதானா என்று முதலில் பாருங்கள், ஆம் என்றால் வகையைச் சரிசெய்துவிட்டு இணையுங்கள். ஏற்கெனவே குப்பைக்குப் போயிருந்தால், அதைக் காலி செய்வதற்கு முன் மீட்டெடுத்து இணைக்கலாம்.

இப்படி நூலகத்திலிருந்து துண்டிக்கப்பட்ட மேற்கோளைக் கண்டுபிடிக்க எளிய வழி: சந்தேகமுள்ள பதிவின் தலைப்பில் ஒரு சொல்லை மாற்றிவிட்டு வேர்டில் Refresh அழுத்துங்கள். மாறாமல் நிற்கும் வரிதான் துண்டிக்கப்பட்டது. பட்டியலில் a, b வரும் ஒவ்வொரு இடத்தையும் இப்படிச் சோதியுங்கள், சில உண்மையிலேயே ஒரே ஆண்டில் வந்த இரண்டு கட்டுரைகளாக இருக்கும், அவற்றைத் தொடாதீர்கள்.

Unlink Citations

இந்தப் பொத்தான் மேற்கோள்களை ஸோட்டேரோவிலிருந்து பிரித்து வெறும் எழுத்தாக்கிவிடும். எல்லா இயலும் ஒன்றாகிப் பட்டியல் சரியாகும்வரை தொடவே தொடாதீர்கள்.

எண்ணோடு எழுதிய வாக்கியம்

"[14] காட்டுவதுபோல்" என்று எழுதியிருந்தால், முறையை மாற்றியதும் வாக்கியத்தின் எழுவாய் அடைப்புக்குறிக்குள் போய்விடும். ஆசிரியர் பெயரை வாக்கியத்தில் எழுதிவிட்டு, மேற்கோளில் ஆசிரியரை மறைத்து ஆண்டை மட்டும் காட்டச் சொல்லுங்கள். இதை ஒவ்வொன்றாகக் கையால்தான் செய்ய வேண்டும்.