உடம்பு சுடாத காய்ச்சல்: வீட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்துப் போன பிறகு, எங்கள் பக்கம் பல நாள் கரண்ட் இல்லை. குமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்தில் இருக்கும் அண்ணன் வாடகைக்கு ஒரு ஜெனரேட்டர் எடுத்தார். மழையில் நனையாமல் இருக்க அதை அடுக்களையை ஒட்டிய சார்ப்பில் வைத்து, மூன்று பக்கமும் தார்ப்பாய் கட்டினார். சாயங்காலம் ஏழு மணிக்கு ஓட விட்டார்கள். ஒன்பது மணிக்குள் மைனிக்குத் தலைவலி, சின்னவன் வாந்தி, பெரியவளுக்குத் தலைசுற்றல். "மழையில நனைஞ்சதுல எல்லாருக்கும் பனி பிடிச்சிட்டு" என்று மைனி கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்து, தலையில் தைலமும் தேய்த்துவிட்டார். எங்கள் ஊரில் பனி என்றால் காய்ச்சல்.

அது பனி இல்லை. நான் நர்ஸ் வேலை பார்க்கிறேன், ஆனால் போனில் கேட்டபோது எனக்கும் முதலில் பனி என்றுதான் பட்டது. தலைவலி, குமட்டல், அசதி, கை கால் தளர்ச்சி எல்லாம் ஃப்ளூவுக்கும் கார்பன் மோனாக்சைடு விஷத்துக்கும் பொது.

முதலில், உடம்பைத் தொட்டுப் பாருங்கள். தெர்மாமீட்டர் இருந்தால் வையுங்கள். கார்பன் மோனாக்சைடில் பொதுவாகக் காய்ச்சல் இருக்காது. சளி, தொண்டை வலியும் இருக்காது. சின்னவனின் நெற்றி குளிர்ந்துதான் இருந்தது. ஆனால் காய்ச்சல் இருப்பதால் மட்டும் ஆபத்தில்லை என்று முடிவு செய்ய முடியாது.

அடுத்து, யார் யாருக்கு, எப்போது ஆரம்பித்தது என்று கேளுங்கள். ஃப்ளூ ஒருவருக்கு வந்து, இரண்டு நாள் கழித்து அடுத்தவருக்குத் தொற்றும். ஒரே ராத்திரியில், இரண்டு மணி நேரத்தில் வீடு முழுக்கப் படுத்தால் சந்தேகப்பட வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்கு உறுதியான அடையாளம். வெளியே போனால் குறைகிறதா? மைனி தண்ணீர் எடுக்கப் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குப் போய் அரைமணி நேரம் நின்று பேசியிருக்கிறார், தலைவலி லேசாகிவிட்டது. திரும்பி வந்து பத்து நிமிடத்தில் மறுபடியும். இதைச் சொன்னதும்தான் நான், "ஜெனரேட்டர் எங்கே ஓடுது?" என்று கேட்டேன்.

இந்த வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. பெட்ரோலோ கரியோ விறகோ முழுதாக எரியாதபோது உண்டாகிறது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. கொரோனாவுக்குப் பிறகு பல வீட்டில் இருக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரை இதற்கு நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் ஏறியதாகவே எண்ணி 98 என்று காட்டும்.

சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியது: எல்லாரும் உடனே வெளியே, திறந்த வெளிக்கு. மழை பெய்தாலும் சரி. எங்கே கசிகிறது என்று தேடிக்கொண்டு உள்ளே நிற்கக் கூடாது. போகிற வழியில் கைக்கெட்டினால் ஜெனரேட்டரை அணைக்கலாம், கதவைத் திறந்து போடலாம். அதற்காகத் தாமதிக்க வேண்டாம். அண்ணன் முற்றத்தில் குடை பிடித்துக்கொண்டு எல்லாரையும் நிறுத்தினார்.

அப்புறம் 108. "புகை விஷம், கார்பன் மோனாக்சைடு சந்தேகம்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஆஸ்பத்திரியிலும் இதை வைரல் காய்ச்சல் என்று நினைத்துவிட வாய்ப்புண்டு. உள்ளே ஒருவர் மயங்கிக் கிடந்தால், வெளியே இழுத்துவிட முடியும் என்று உறுதியாகத் தெரியாதபோது தனியாக நுழையாதீர்கள். காப்பாற்றப் போனவரும் பக்கத்திலேயே விழுவதுண்டு. வெளியே கொண்டுவந்தவருக்கு மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

வெளிக்காற்றில் தலைவலி போய்விட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சாதாரணக் காற்றில் ரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும். மாஸ்க் வைத்து முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் போதும். ரத்தத்தில் கார்பாக்ஸிஹீமோகுளோபின், அதாவது கார்பன் மோனாக்சைடு பிடித்துக்கொண்ட ஹீமோகுளோபின், எவ்வளவு என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நேரமாகிவிட்டால் அந்த அளவு இறங்கிப் போயிருக்கும், அதனால் எத்தனை மணிக்கு வெளியே வந்தோம் என்பதையும் சொல்லுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அதை முதலிலேயே சொல்ல வேண்டும், வயிற்றுப் பிள்ளைக்குப் பாதிப்பு கூடுதல்.

மைனிக்கும் பிள்ளைகளுக்கும் அன்றிரவே ஆக்சிஜன் வைத்தார்கள். மறுநாள் திரும்பிவிட்டார்கள். ஆனால் மறதி, தடுமாற்றம், குணமாற்றம் சில வாரம் கழித்தும் தலைகாட்டலாம் என்பதால் ஒரு மாதம் கவனித்தோம். ஜெனரேட்டர் இப்போது வீட்டிலிருந்து 20 அடிக்கு மேல் தள்ளி, முற்றத்து முருங்கைக்கு அந்தப் பக்கம், புகைக்குழாய் வயலைப் பார்த்து நிற்கிறது. மழை வந்தால் மேலே தகரம் மட்டும், பக்கங்களில் தார்ப்பாய் கிடையாது. பிள்ளைபெற்ற அறையில் கரிச்சட்டி வைக்கும் பழக்கத்தையும் மைனி விட்டுவிட்டார், அம்மாவுக்குத்தான் இன்னும் சம்மதமில்லை.