சோடியம் அயனிக்கு 2.20 என்று விடை வந்தால், தவறு எங்கே?

மதுரை பழங்காநத்தத்தில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் திருமங்கலத்திலிருந்து வரும் ஒரு மாணவி நோட்டை நீட்டி, "சார், ஸ்லேட்டர் விதிப்படி போட்டா Na⁺ தான் F⁻ஐ விடப் பெருசுன்னு வருது. புத்தகத்துல ஆரம் 95, 136 பிகோமீட்டர்னு தலைகீழா இருக்கே" என்றாள்.

ஒரு எலக்ட்ரானை அணுக்கரு எவ்வளவு இழுக்கிறது என்பதை, மற்ற எலக்ட்ரான்களின் மறைப்பைக் கழித்துக் கணக்கிடும் வழிதான் ஸ்லேட்டர் விதி. அவள் எழுதியிருந்ததைப் படித்தேன். சோடியத்தின் வெளி எலக்ட்ரான் 3s. அதற்கு உள்ளே இரண்டாம் கூட்டில் 8, முதல் கூட்டில் 2. மறைத்தல் மாறிலி 8 × 0.85 + 2 × 1.00 = 8.80. செயலுறு அணுக்கரு மின்சுமை 11 − 8.80 = 2.20. ஒரு எண்கூடப் பிசகவில்லை. ஆனால் அது சோடியம் அணுவின் கணக்கு. அயனி ஆகும்போது முதலில் வெளியேறுவதே அந்த 3s எலக்ட்ரான்தான். இல்லாத எலக்ட்ரான் உணரும் இழுப்பைக் கணக்கிட்டு, அதை வைத்து அயனியின் அளவைச் சொல்லியிருக்கிறாள்.

"ஏம்மா, Na⁺ல 3s இருக்கா?" என்று கேட்டேன். அவளே அடித்துவிட்டு மறுபடி எழுதினாள்.

இந்தத் தவறுதான் நான் அதிகம் பார்ப்பது. மாறிலிகளில் கை வைப்பதற்கு முன், அயனியின் எலக்ட்ரான் அமைப்பை முழுசாக எழுதுங்கள். Na⁺, F⁻ இரண்டுக்கும் 1s² 2s² 2p⁶ தான். இரண்டிலும் வெளியே இருப்பவை 2p எலக்ட்ரான்கள். ஸ்லேட்டர் விதியில் 2s, 2p இரண்டும் ஒரே தொகுதி. ஆகவே ஒரு 2p எலக்ட்ரானை எடுத்துக்கொண்டால், அதே தொகுதியில் மற்ற 7 எலக்ட்ரான்கள் தலா 0.35, உள்கூட்டின் 2 எலக்ட்ரான்கள் தலா 0.85 மறைக்கும். 2.45 + 1.70 = 4.15.

```
F⁻  : 9  − 4.15 = 4.85
Na⁺ : 11 − 4.15 = 6.85
```

சோடியம் அயனிக்கு 2.20 இல்லை, 6.85. F⁻ஐ விட இழுப்பு அதிகம், அதனால்தான் அது சிறியது.

அடுத்த தவறு கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்ளும் வகை. தொகுதியில் 8 எலக்ட்ரான் இருக்கிறது என்று 8 × 0.35 போட்டுவிடுவார்கள். ஒரு எலக்ட்ரான் தன்னையே மறைக்காது, அதனால் 7 தான் வரவேண்டும். இதில் சங்கடம் என்னவென்றால், வரிசையில் உள்ள எல்லா அயனிகளுக்கும் இதே பிழையைச் செய்தால் எல்லா விடையும் 0.35 குறையும், ஆனால் வரிசை மாறாது. எது பெரியது, எது சிறியது என்பது சரியாகவே வரும். பிள்ளைகள் சரி என்று நினைத்து நகர்ந்துவிடுவார்கள். கண்டுபிடிக்க ஒரே வழி, எண்ணிய எலக்ட்ரான்களைக் கூட்டிப் பார்ப்பது. 7 + 2 = 9. மொத்தத்தில் ஒன்று குறைவாக இருந்தால் சரி. பத்து வந்தால் தன்னையும் சேர்த்து எண்ணியிருக்கிறீர்கள்.

எண் சரியாக வந்த பிறகும் விளக்கத்தில் வழுக்குவார்கள். "Mg²⁺ எலக்ட்ரான்களை இழந்ததால் சிறியது" என்று எழுதுவார்கள். மெக்னீசியம் அணுவோடு ஒப்பிட்டால் அது சரியான காரணம். ஐசோ எலக்ட்ரானிக் வரிசையில் அது பொருந்தாது, ஏனென்றால் O²⁻, F⁻, Na⁺, Mg²⁺ நான்கிலும் பத்து எலக்ட்ரான்தான். "மறைத்தல் குறைகிறது" என்று எழுதுவதும் தவறு. நான்கிலும் மறைத்தல் அதே 4.15. மாறுவது புரோட்டான் எண்ணிக்கை மட்டும்: 8, 9, 11, 12. அதே பத்து எலக்ட்ரானை, அதே மறைப்புக்கு இடையே, கூடுதல் புரோட்டான்கள் இழுக்கின்றன. விடைத்தாளில் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லவேண்டும்.

சரி, இந்த எண்களை வைத்து ஆரத்தையே கணக்கிட முடியுமா? முடியும். ஒரே எலக்ட்ரான் அமைப்புள்ள இரண்டு அயனிகளின் ஆரம், செயலுறு மின்சுமைக்கு எதிர் விகிதத்தில் இருக்கும் என்று எடுத்துக்கொண்டவர் பாலிங். NaF படிகத்தில் இரண்டு அயனி மையங்களுக்கு இடையே 231.5 பிகோமீட்டர். அதை 4.85 : 6.85 என்று பங்கு போட்டால் Na⁺க்கு 96, F⁻க்கு 135.5 வருகிறது. புத்தகத்தின் 95, 136ஐ அப்படியே ஒட்டி நிற்கிறது. அந்த மாணவி இதைப் போட்டு முடித்ததும் சும்மா இருக்காமல் ஆக்சைடுக்கும் நீட்டினாள். F⁻ 135.5 என்றால் O²⁻க்கு 135.5 × 4.85 ÷ 3.85, கிட்டத்தட்ட 171. புத்தகத்தில் 140. "மறுபடியும் எங்க தப்பு சார்?" என்றாள்.

இங்கே கூட்டல் கழித்தலில் தவறே இல்லை. ஒரு படிகத்தில் கிடைத்த ஆரத்தை இன்னொரு மாதிரிப் படிகத்துக்கு எடுத்துப்போனதுதான் சிக்கல். NaFஇல் இழுத்துக்கொள்பவை ஒற்றை மின்சுமை அயனிகள். MgOஇல் இரண்டும் இரட்டை மின்சுமை, ஆகவே படிகமே நெருங்கி இறுகிவிடுகிறது. எலக்ட்ரான் மேகத்தின் இழுப்பை மட்டும் சொல்லும் எண்ணுக்கு, பக்கத்து அயனி எவ்வளவு நெருக்குகிறது என்பது தெரியாது. விகிதத்தை அந்தந்தப் படிகத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டால் பிரச்சினை தீர்கிறது. MgOஇல் இடைவெளி 210.5. அதை 3.85 : 7.85 என்று பிரித்தால் Mg²⁺ 69, O²⁻ 141. பழைய அட்டவணை மெக்னீசியத்துக்கு 65 என்கிறது, பிற்கால அட்டவணை 72 என்கிறது. இவ்வளவு எளிய விதிக்கு இது நல்ல பொருத்தம் என்றே சொல்வேன்.

கடைசியாக ஒன்று, இதில்தான் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் விழுகிறார்கள். NaFக்கு வந்த வழி NaClக்கும் வரும் என்று நினைப்பது. Cl⁻இன் 3p எலக்ட்ரானுக்கு மறைத்தல் 7 × 0.35 + 8 × 0.85 + 2 × 1.00 = 11.25, ஆக மின்சுமை 5.75. இடைவெளி 282. பங்கு போட்டால் Na⁺ 129, Cl⁻ 153 என்று வரும். உண்மையில் 95, 181. பிழையைப் பிடிக்க அட்டவணைகூட வேண்டாம். NaFஇல் 96 ஆக இருந்த அதே Na⁺, அதே ஒற்றை மின்சுமைத் துணையோடு 129 ஆக ஊதிப்போக முடியாது. Na⁺க்கு வெளிக்கூடு இரண்டாவது கூடு, Cl⁻க்கு மூன்றாவது. கூடு மாறினால் மின்சுமை மட்டும் அளவைத் தீர்மானிக்காது. K⁺க்கு 7.75, Na⁺க்கு 6.85, ஆனாலும் K⁺ தான் பெரியது.

Cl⁻க்குச் சரியான ஜோடி K⁺. இரண்டுக்கும் 18 எலக்ட்ரான். மேலூர்ப் பக்கம் வயலுக்கு மூட்டை மூட்டையாகப் போடுகிற பொட்டாஷ் உரம்தான் அந்த KCl. இடைவெளி 314.5ஐ 5.75 : 7.75 என்று பிரித்தோம். K⁺ 134, Cl⁻ 180.5 வந்தது. அட்டவணையில் 133, 181.