படுக்கையறைச் சுவர் ஈரமும் வீட்டு உரிமையாளருக்கு எழுதிய கடிதமும்

குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உதிர்ந்தது. உரிமையாளரிடம் போனில் சொன்னபோது பெயிண்டர் வந்தார். சுரண்டி, பட்டி பார்த்து, பூசினார். அதே இடம் மறுபடி உப்பியது. அடுத்த முறை கேட்டதற்கு, "சன்னலைத் திறந்து வையுங்கள், காற்றோட்டம் இல்லை" என்ற பதில்தான் கிடைத்தது.

அந்தப் பதில் சரியா என்று பார்க்க, சுவரைத் துடைத்து அலுமினியத் தாள் ஒன்றை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினேன். அறைக் காற்றின் ஈரமென்றால் தாளின் வெளிப்பக்கம் நனையும். நனைந்தது உட்பக்கம், ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. கோடையிலும், ஊருக்குப் போய்க் குளியலறை பூட்டிக் கிடந்தபோதும் அது குறையவில்லை. ஆகவே மழையோ தரை ஓட்டின் இடுக்கோ அல்ல, எப்போதும் தண்ணீர் நிற்கும் குழாய்தான்.

படங்களோடு கடிதம் எழுதினேன். பெயிண்ட்டைப் பற்றிக் கடைசியில்தான் சொன்னேன்:

"ஐயா, படுக்கையறைச் சுவரில் தரையிலிருந்து இரண்டடி உயரம்வரை ஈரக்கசிவு உள்ளது. ஷவர் குழாய்க்கு நேர் பின்புறம் ஈரம் அதிகம். பிளம்பரை அனுப்பிக் குழாயைச் சோதித்து, கசிவை நிறுத்தி, சுவர் உலர்ந்த பிறகு பூச்சும் பெயிண்ட்டும் செய்து தர வேண்டுகிறேன். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, குழாய் மாற்றுவது உரிமையாளர் பொறுப்பில் வருகிறது."

இந்த முறை வந்தவர் பிளம்பர். குளியலறைச் சுவர் ஓடுகளைப் பெயர்த்ததும் சுவருக்குள் ஓடும் குழாயின் முழங்கை இணைப்பில் துளித்துளியாகக் கசிவது தெரிந்தது. மாற்றினார். உப்புப் பூத்த பூச்சைக் கொத்திவிட்டுச் சுவரைக் காயவிட்டிருக்கிறோம். தாளின் உட்பக்கம் இப்போது காய்ந்திருக்கிறது. பெயிண்டருக்கு இனிமேல்தான் சொல்ல வேண்டும்.