ஊசி தவறினாலும் விகிதம் தவறவில்லை

அரிஷ்டத்தில் எத்தனால் எவ்வளவு என்று ஜிசியில், அதாவது கேஸ் குரோமட்டோகிராஃபிக் கருவியில், பார்த்துக்கொண்டிருந்தேன். கையால் 1 மைக்ரோலிட்டர் ஏற்றுவதால் ஒரே மாதிரிக்கு உச்சிப் பரப்பு ஒருமுறை 4,12,000, அடுத்தமுறை 3,61,000. சிரிஞ்சைத்தான் திட்டினேன்.

அப்புறம் என்-புரொப்பனாலை அக நியமமாக, அதாவது உள்ளேயே இருந்து ஒப்பிட உதவும் பொருளாக, எத்தனால் அளவு தெரிந்த ஸ்டாண்டர்டு, மாதிரி இரண்டிலும் 2% வரும்படி பிப்பெட்டில் சேர்த்தேன். ஊசியில் குறைந்தால் இரண்டு உச்சிகளும் சேர்ந்தே குறையும், எத்தனால் பரப்பை புரொப்பனால் பரப்பால் வகுத்தால் விகிதம் அசையாது. 2% எத்தனால் ஸ்டாண்டர்டில் விகிதம் 0.80. ஐந்து மடங்கு நீர்த்த மாதிரியில், இரண்டு ஊசியிலும் 0.64. ஆக 0.64 ÷ 0.80 × 2 = 1.6%, ஐந்தால் பெருக்கினால் அரிஷ்டத்தில் 8%.

ஆனால் புரொப்பனாலை அளக்கும்போதே கை தவறினால் விகிதமும் பொய்தான். நொதித்த சரக்கில் அது தானாகவே கொஞ்சம் இருக்கலாம் என்பதால், சேர்க்காத மாதிரியை முதலில் ஓட்டி, அந்த இடத்தில் உச்சி வருகிறதா என்று பார்த்துவிடுகிறேன்.