ஸ்கார்பரோவில் வேலை தேடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: நம்மவர் வட்டமும் அதற்கு வெளியேயும்

டொராண்டோவின் ஸ்கார்பரோவில் வந்திறங்கும் ஒரு தமிழருக்கு வாடகை அறை, சாரதிப் பயிற்சி, முதல் வேலை எல்லாமே சில தொலைபேசி அழைப்புகளில் கிடைத்துவிடும். அந்த உதவி பெரியது. சிக்கல் வருவது இரண்டாவது வேலை தேடும்போது.

கணக்காளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஊரில் எட்டு வருடம் கம்பனிக் கணக்குப் பார்த்தவர். மாமா சொல்லி, தமிழர் ஒருவரின் வரிக் கணக்கு அலுவலகத்தில் சேர்கிறார். பெப்ரவரி முதல் ஏப்ரல் 30 வரை மூச்சுவிட நேரமில்லை, தனிநபர் வரிப் படிவங்கள் குவிந்து கிடக்கும். மே மாதம் வேலை குறைகிறது, மணிநேரமும் குறைகிறது. நடுத்தர நிறுவனம் ஒன்றுக்கு விண்ணப்பித்தால் அங்கே கேட்பது வேறு: மாத முடிவுக் கணக்கை மூடியிருக்கிறாரா, வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டுச் சரிபார்த்திருக்கிறாரா, 13 சதவீத எச்.எஸ்.டி. விற்பனை வரியைத் தாக்கல் செய்திருக்கிறாரா. ஊரில் இதையெல்லாம் செய்தவர்தான். ஆனால் கனடாவில் அவர் செய்ததாகக் காட்ட முடிவது தனிநபர் படிவம் மட்டுமே.

இங்கே பலர் செய்யும் முதல் தவறு, மறுபடியும் அதே ஆட்களிடம் போய், “அண்ணை, ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்கோ” என்று கேட்பது. நூறு பேரைத் தெரியும் என்பது கணக்கில்லை. அந்த நூறு பேரும் ஒருவரையொருவர் அறிந்தவர்களாக இருந்தால், எல்லோர் காதிலும் விழுவது ஒரே செய்திதான். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1970களில் வெளியிட்ட ஆய்வுக்காக அமெரிக்காவின் நியூட்டன் நகரில் இதைக் கேட்டறிந்தார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் சுமார் 17 சதவீதத்தினரே அந்த ஆளை அடிக்கடி சந்தித்தவர்கள். மற்றவர்களுக்குத் தகவல் தந்தது எப்போதாவது பார்க்கும் ஆள், அல்லது மிக அரிதாகப் பார்க்கும் ஆள்.

உங்கள் வட்டம் எப்படி இருக்கிறது என்று பார்க்க, கடைசியாகக் காதில் விழுந்த ஐந்து வேலைச் செய்திகளை எழுதிப் பாருங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சொன்னவர் பெயரையும், அவருக்கு அது எங்கிருந்து வந்தது என்பதையும் குறியுங்கள். ஐந்தும் ஒரே வட்சப் குழுவிலோ ஒரே உறவினர் வீட்டிலோ போய் முடிந்தால் வட்டம் மூடியிருக்கிறது.

அடுத்த தவறு, சொந்தக்காரர்தானே என்று எழுத்து இல்லாமல் வேலை செய்வது. சம்பளம் கையில் பணமாக வரும், வருடச் சம்பளத்தைக் காட்டும் டி4 படிவம் வராது, வேலை விவரக் கடிதமும் இராது. நம்மவர்களிடையே அது போதும். வெளி நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு கேட்கும்போது அப்படி வேலை செய்த வருடங்கள் எல்லாம் காணாமல் போய்விடும். சேரும் நாளிலேயே சம்பளச் சீட்டு கேளுங்கள். விலகும்போது என்னென்ன வேலை செய்தீர்கள் என்று எழுதிய கடிதத்தை வாங்குங்கள்.

வெளியே போகிறவர்களும் ஒரு தவறு செய்வதுண்டு. பெரிய வேலைவாய்ப்புக் கண்காட்சிக்குப் போய், தெரிந்த நாலு தமிழரோடு நின்று பேசிவிட்டுத் திரும்புவார்கள். அறிமுகம் கைகுலுக்கலில் வருவதில்லை, சேர்ந்து வேலை செய்வதில் வருகிறது. நம் கணக்காளருக்கு நல்ல இடம் ஒன்று இருக்கிறது. குறைந்த வருமானக்காரர்களுக்கு இலவசமாக வரிப் படிவம் நிரப்பித் தர, சமூக அமைப்புகள் கனடா வருவாய் முகமையோடு சேர்ந்து தன்னார்வ முகாம்கள் நடத்துகின்றன. பொலிஸ் பதிவுச் சரிபார்ப்பு தேவை, பதிவு செய்ய நேரம் பிடிக்கும். ஆகவே பருவம் தொடங்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். தமிழ் அமைப்பின் முகாமைவிட, பல மொழிக்காரர் வரும் முகாமைத் தெரிவு செய்வது நல்லது. இரண்டு மூன்று மாதம் பக்கத்தில் இருந்து வேலை பார்த்த ஒருங்கிணைப்பாளர், வேலையைப் பார்த்த சாட்சியாகப் பரிந்துரைக்க முடியும். ஒன்று மட்டும்: இந்த முகாம்கள் எளிய படிவங்களுக்கானவை. நிறுவனக் கணக்கு அனுபவம் இதில் கிடைக்காது, கிடைப்பது ஆட்கள்.

நேர்எதிர்த் தவறும் உண்டு. “இனி நம்மாக்களோடு இருந்தால் முன்னேற முடியாது” என்று ஒரேயடியாக விலகுவது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும், வாடகைக்குக் கையொப்பமிடவும், வேலை போன மாதத்தைக் கடக்கவும் வெளி வட்டம் வராது. தவிர, வெளியே போகும் வழி பெரும்பாலும் உள்ளேதான் இருக்கிறது. நம்மவர்களில் யாரோ ஒருவர் வங்கியிலோ பெரிய நிறுவனக் கணக்குப் பிரிவிலோ இருப்பார். அவரிடம் வேலை கேட்டால், இல்லை என்று சொல்லிச் சங்கடப்படுவார். இருபது நிமிடம் கேளுங்கள். உங்கள் பிரிவில் என்ன மென்பொருள், புதியவர்களை எந்தப் பதவியில் எடுக்கிறார்கள், இதைப் பற்றி நான் பேசக்கூடிய சக ஊழியர் ஒருவர் இருக்கிறாரா என்று மூன்று கேள்விகள் போதும். மூன்றாவதில் வரும் பெயர் தமிழ்ப் பெயராக இல்லாவிட்டால் அந்த ஆளுக்கு அன்றே எழுதுங்கள். பேசிய பிறகு என்ன நடந்தது என்று அறிமுகப்படுத்தியவருக்கும் ஒரு வரி சொல்லிவிடுங்கள், அடுத்தவர் கேட்கும்போதும் அவர் கதவைத் திறப்பார்.